நாலு பேருக்கு என்றால் எந்த நாலு பேர்?

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். அத்தை, கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன், நான். அதனால் குறிப்பில் 'நாலு பேருக்கு' என்று பார்த்ததும் அப்படியே அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். ஒரு கப் அரிசி, கால் கப் துவரம்பருப்பு, மூன்று கப் தண்ணீர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்கார்ந்தபோது குக்கரின் அடியில் ஒரு கரண்டிதான் இருந்தது. அன்று எனக்குத் தயிரும் வாழைப்பழமும்தான்.

"ஆளை எண்ணி வெக்காத கண்ணு, வவுத்தை எண்ணி வை" என்றார் அத்தை.

அந்த அளவில் வெந்த சாதம் சுமார் நாலு கப் வரும். ஆளுக்கு ஒரு கப். பொரியல், ரசம் என்று பக்கத்தில் நாலு வகை இருந்தால் அது போதும். நம் ஊரிலோ அரிசிம்பருப்பு வைத்தால் அதுவேதான் சாப்பாடு. நெய், அப்பளம், தயிரோடு சரி.

அடுத்த முறை வேண்டுமென்றே இரண்டு மடங்கு வைத்தேன். பாத்திரம் காலியாகிவிட்டால் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியாது, மிஞ்சினால்தான் தெரியும். அரை கப் பிடிக்கும் கரண்டியால் பரிமாறி எண்ணினேன். அத்தை ஒரு கப், கணவர் இரண்டு, மகன் மூன்று, நான் ஒன்றரை. மொத்தம் ஏழரை! சனியைப் பிடித்துவிட்டேன் என்று கணவர் சிரித்தார். ஆக, எங்களுக்கு இரண்டு கப் அரிசியும் அரை கப் பருப்பும் சரி.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாக்கக் கூடாது. சின்ன வெங்காயம், தக்காளி, உப்பு இரண்டு மடங்கு. தாளிக்கிற எண்ணெயும் கடுகும் ஒன்றரை மடங்கு போதும். நாலு வரமிளகாய்க்கு முதல் தடவை ஆறு போட்டு, ருசி பார்த்து அடுத்த முறை கூட்டலாம். குக்கரில் ஆவியாகப் போகும் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை. ஆறு கப்புக்குக் கால் கப் குறைத்தேன், குழையாமல் வந்தது. குக்கரும் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. மூன்று லிட்டரில் இந்த அளவை வைத்தபோது விசிலோடு மஞ்சள் தண்ணீர் அடுப்பெல்லாம் தெறித்தது. இப்போது ஐந்து லிட்டர் குக்கர்தான்.

குறிப்பு நோட்டில் 'நாலு பேருக்கு' என்பதை அடித்துவிட்டு 'ஏழரை கப்' என்று எழுதினேன். என் ஒன்றரையையும் சேர்த்துத்தான்.

அடுத்த வருடம் மகன் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். அவன் மூன்றைக் கழித்தால் நாலரை. ஒரு கப் அரிசியும் மேலே ஒரு சின்னக் கையளவும் போதும். மூன்றே பேருக்கு அந்தக் குறிப்பு அப்போது ஏறக்குறைய சரியாகிவிடும். அந்தக் கணக்கை மட்டும் நோட்டில் இன்னும் எழுதவில்லை.