துர்வாசரைத் திருப்பி அனுப்பிய கடவுள்

பாகவதத்தில் அம்பரீஷன் கதை வருகிறது. ஏகாதசி விரதமிருந்த மன்னன், துவாதசி நேரம் முடிவதற்குள் விரதத்தை முடித்தாக வேண்டும். விருந்தாளியாக வந்த துர்வாசரோ குளிக்கப் போனவர் திரும்பவில்லை. அம்பரீஷன் ஒரு வாய் தண்ணீரை மட்டும் பருகினான். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்ட முனிவர், தம் சடையிலிருந்து ஒரு பூதத்தை உண்டாக்கி ஏவினார். திருமாலின் சக்கரம் பூதத்தை எரித்துவிட்டு அவரையே துரத்தியது. பிரமனிடம் ஓடினார், சிவனிடம் ஓடினார், கடைசியில் திருமாலின் காலில் விழுந்தார். திருமாலும் காப்பாற்றவில்லை. யாருக்குத் தீங்கு செய்தாயோ அவனிடமே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் இந்தக் கதையில்தான் தொடங்குகிறேன். மன்னிப்பு என்றதும் அடிபட்ட பிள்ளையைப் பார்த்து “நீதான் பெரிய மனசு பண்ணணும்” என்று சொல்வது நம் வழக்கம். சமயங்களைக் கூர்ந்து பார்த்தால், முதல் வேலை தவறு செய்தவருக்கே வைக்கப்பட்டிருக்கிறது.

யூதர்களின் யோம் கிப்பூர் நாள் முழுதும் நோன்பும் வழிபாடுமாகக் கழியும். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பிழைகளுக்கே அந்த நாள் பரிகாரம். சக மனிதனுக்குச் செய்த பிழை, அவரைச் சமாதானப்படுத்தும் வரை தீராது என்கிறது யூத நூலான மிஷ்னா. அதனால் அந்த நாளுக்கு முன்பே வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ் இதற்கு ஒரு முறையே வகுத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் நேரில் கேட்க வேண்டும். மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அப்படி மூன்று முறை வரை. அதற்குப் பிறகும் மறுத்தால் பிழை மறுத்தவர் பக்கம் சாய்கிறது.

இந்தக் கடைசி வரியில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும் என்று விடுவேன்.

இஸ்லாத்தில் தவ்பா என்னும் மனந்திரும்புதலுக்குத் தவறை நிறுத்துதல், வருந்துதல், மீண்டும் செய்யேன் என்ற உறுதி ஆகிய மூன்றும் வேண்டும். பிறருடைய உரிமை பறிபோயிருந்தால் அதைத் திருப்பித் தருவதும் சேர்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள்ளச் சொன்னார் இயேசு. சமணர்கள் ஆண்டுதோறும் பர்யூஷண நாள்களின் நிறைவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். அதில் எல்லா உயிர்களும் அடக்கம்.

“மன்னிச்சுட்டா தண்டனை வேண்டாமா, டீச்சர்?” என்ற கேள்வி எப்போதும் வரும். 1999இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் ஒரு கும்பலின் தீவைப்பில் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பும் நீதிமன்றத்தின் தண்டனையும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை.

பிள்ளைகளுக்குத் தரும் தாள் இது:

ஒரு மாணவியின் டைரிப் பக்கத்தைத் தோழி போனில் படமெடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் “சாரி” என்று சொல்லிவிட்டு, “இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” என்று கேட்கிறாள்.

1. அந்த “சாரி”யில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது? தவ்பாவின் படிகளோடு ஒப்பிடுங்கள்.
2. படத்தை அழிக்கலாம், பார்த்தவர்கள் பார்த்ததை அழிக்க முடியாது. திருப்பித் தர முடியாததற்கு ஈடாக அவள் என்ன செய்யலாம்?
3. மூன்று முறை கேட்டும் டைரிக்காரி மறுக்கிறாள். மைமோனிடீஸ் சொன்னதை ஏற்கிறீர்களா? ஏற்காவிட்டால் உங்கள் காரணம் என்ன?
4. மன்னித்த பிறகு அவளை முன்போலவே நம்பித்தான் ஆக வேண்டுமா?
5. நீங்கள் யாரிடமாவது கேட்க வேண்டிய மன்னிப்பு உண்டா? இதை வீட்டில் தனித்தாளில் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

நாலு பேர் கொண்ட குழுக்களாகப் பேசச் சொல்கிறேன். உண்மைப் பெயர்கள் வரக் கூடாது என்பது விதி. சண்டையில் இருக்கும் இருவரை வகுப்பு முன் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வதில்லை; எல்லாரும் பார்க்கும்போது ஒரு பிள்ளையால் மறுக்க முடியாது, மறுக்க வழியில்லாத இடத்தில் கிடைப்பது மன்னிப்பாகாது. முதல் நான்கு கேள்விகளுக்கான விடையில் ஒரு பிள்ளை தனக்குப் பெரியவர் யாரோ தீங்கு செய்வதைக் குறிப்பிட்டால், அங்கே மன்னிப்பைப் பற்றிய பேச்சே எடுப்பதில்லை. தனியே கேட்டறிந்து, தலைமை ஆசிரியரிடமும் 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.