இரண்டு ஜோடியும் சரியாக இருந்தால்

போடியைத் தாண்டி குரங்கணி மலையில் ஏறும்போது காலில் ஒரு குறையும் தெரியாது. இறங்கும்போதுதான் எட்டுக்கு எட்டு பாதம் ஷூவுக்குள் முன்னால் சரிந்து, பெருவிரல் போய் முட்டும். ஒருமுறை வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. கடையில் போட்டுப் பார்த்தபோது சுகமாக இருந்த ஷூதான் அது. சமதரையில் இரண்டு நிமிடம் நின்று சொல்லும் ‘நல்லாயிருக்கு’ மலைக்குச் செல்லாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த ஷூவுக்குத் தேனியில் ஒரு கடைக்குச் சாயங்காலமாகப் போனேன். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றுப் பெருத்திருக்கும். மலையிலும் அப்படித்தான் ஆகும். மலைக்குப் போடும் தடித்த சாக்ஸையும் எடுத்துப் போயிருந்தேன். எட்டாம் நம்பரில் இரண்டு ஜோடி பிடித்தது. இரண்டும் இதமாகவே இருந்தன.

முதலில் இரண்டிலிருந்தும் உள்ளே கிடக்கும் மெத்தை அட்டையை உருவித் தரையில் வைத்து, குதிகாலை அதன் விளிம்போடு பொருத்தி ஏறி நின்றேன். அகலத்தில் இரண்டிலும் விரல்கள் வெளியே வழியவில்லை. நீளத்தில்தான் வித்தியாசம். என் வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் நீளம். அந்தப் பாதத்துக்கு முன்னால் ஒன்றில் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது, மற்றதில் அதில் பாதிதான். எப்போதும் பெரிய பாதத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பிறகு காலுக்கு ஒன்றாகப் போட்டு நடந்தேன். கால் மாற்றிப் போட்டு மறுபடியும் நடந்தேன். மாற்றிப் போடாவிட்டால் நாம் ஒப்பிடுவது ஷூவை அல்ல, நம் இரு பாதங்களை.

கடை வாசலில் வண்டி ஏற்றும் சரிவு இருந்தது.

“அண்ணே, இதுல ஒருக்கா இறங்கிப் பாத்துக்கிறட்டுமா?”

“இருங்க சார், அடி அழுக்காயிரும்” என்று கடைக்காரர் ஓர் அட்டையை விரித்துப் போட்டார்.

இடம் குறைந்த ஜோடியில் மூன்றாவது எட்டிலேயே விரல் முட்டியது. லேஸ் தளர்ந்திருந்தாலும் பாதம் சரியும் என்பதால், கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டி மீண்டும் இறங்கினேன். அப்போதும் முட்டியது. “போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்” என்றார். தோல் பக்கவாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நீளம் கூடாது.

இடம் அதிகமுள்ள ஜோடியில் விரல் முட்டவில்லை. ஆனால் சரிவில் ஏறும்போது குதிகால் லேசாகத் தூக்கியது. மேல் ஓரத்தில் கூடுதலாக இருக்கும் துளையில் லேஸை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இறுக்கினேன். தூக்கல் நின்றது. லேஸால் தீரும் குறையை ஏற்கலாம். எதனாலும் தீராத குறையை ஏற்கக் கூடாது. முட்டிய ஜோடியில் ஒன்பதாம் நம்பர் கேட்கலாமே என்றால், ஒரு நம்பருக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடிவிடும். அரை நம்பர் அவரிடம் இல்லை.

குதிகால் தூக்கியதையே எடுத்தேன். பணம் கொடுப்பதற்கு முன், வெளியே போடாமல் இருந்தால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். அன்று இரவு வீட்டு டைல்ஸ் தரையிலும் மாடிப்படியிலும் ஒரு மணி நேரம் அதைப் போட்டு நடந்தேன்.