மூணு மாச மார்க்கும் ஒரு ஷீல்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்கா. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுவும் இப்ப நானே ஒரு குட்டி டேமேஜர். மத்தவங்க புடுங்கின ஆணியை எண்ணி மேல கணக்குக் குடுக்கிற வேலை :-)

நான் இருக்கிறது கடலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கேபிள் குடுக்கிற ஒரு சின்ன கம்பெனி. பேரெல்லாம் வேணாமே. புகார் போனை எடுக்கிற குழு என் பொறுப்பு. பாதிப் பேர் மஞ்சக்குப்பத்துல, மீதிப் பேர் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு மாடி ரூம்ல. புகாரை முடிச்ச உடனே வாடிக்கையாளருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போகும், ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுங்கன்னு. நாலும் அஞ்சும் போட்டவங்க நூத்துக்கு எத்தனை பேரோ, அதான் எங்க மார்க்.

2025 ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் அந்த மார்க் ஏறிக்கிட்டே போச்சு. ஜனவரியில 71, பிப்ரவரியில 75, மார்ச்சுல 79. மூணு மாசத்துக்கும் சேர்த்து 75. (கணக்கு சுலபமா புரியட்டும்னு எண்களைக் கொஞ்சம் உருட்டித்தான் எழுதறேன். விஷயம் மாறலை.) அதுக்கு முந்தின மூணு மாசம் வெறும் 58. பெரிய டேமேஜருக்கு வாயெல்லாம் பல்லு. "யாரு மார்க்ல முதல்னு பாரு, ஒரு ஷீல்டு அடிச்சுக் குடுத்துடலாம்"னார். நானும் சந்தோஷமா லிஸ்டைத் திறந்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

முதல்ல உறுத்தினது மழை. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கடலூர் எப்படி இருக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரை கடந்துச்சு. ரெண்டே நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து ஊரை முக்கிடுச்சு. கம்பம் சாஞ்சு, கிளை விழுந்து, கேபிள் அறுந்து கிடக்கிற சமயத்துல எவன் அஞ்சு மார்க் போடுவான்? ஜனவரியில மழை விட்டுடும், கேபிள் அறுகிறதும் குறைஞ்சுடும். நாங்க சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாக்கூட மார்க் ஏறியிருக்கும்.

அதனால முந்தின மூணு மாசத்தை விட்டுட்டு, முந்தின வருஷத்து அதே ஜனவரி-மார்ச்சை எடுத்தேன். அப்ப 66. ஆக, 58-லேர்ந்து 75-க்கு ஏறின 17 புள்ளியில ஏறக்குறைய 8 புள்ளி வெயிலோட உபயம். மீதி 9 எங்க பசங்களோடது. பாதி போயிடுச்சேன்னு வருத்தமா இருந்தாலும், மிச்சம் இருக்கிறது சொந்த சம்பாத்தியம் இல்லையா? மாசம் 400 பேர் பதில் போட்டிருந்தாங்க, மூணு மாசத்துக்கு 1200 பேர். இவ்ளோ பேர் சொல்லும்போது 9 புள்ளிங்கிறது சும்மா ஆடுற ஆட்டம் இல்லை. வெறும் 100 பேர் பதிலை வெச்சுப் பார்த்தா எட்டு ஒம்பது புள்ளி காரணமே இல்லாம மேலயும் கீழயும் போகும். அதான் ஒரு மாச மார்க்கைப் பார்த்துக் குதிக்கக் கூடாது.

அடுத்து தில்லுமுல்லு இருக்கான்னு பார்த்தேன். இந்தத் தொழில்ல ரெண்டு தில்லுமுல்லு சகஜம். "சார் அஞ்சு போட்டுடுங்க சார்"னு கெஞ்சறது ஒண்ணு. கோவமா இருக்கிறவரோட புகாரை 'ஏற்கெனவே பதிவானது'ன்னு மூடிட்டு எஸ்.எம்.எஸ். போகாமப் பார்த்துக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதைப் பிடிக்கிறது சுலபம். மூடின புகார் எத்தனை, போன எஸ்.எம்.எஸ். எத்தனை, மூடின ஒரு வாரத்துக்குள்ள அதே வீட்டுலேர்ந்து திரும்பப் போன் வந்தது எத்தனைன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாப் போதும். மார்க் ஏறும்போது திரும்ப வர்ற போனும் ஏறினா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். எங்களுக்கு அது குறைஞ்சுதான் இருந்துச்சு. அப்பாடா.

சரி, இப்ப யாருக்கு ஷீல்டு? லிஸ்ட்ல முதல் ஆள் மஞ்சக்குப்பத்துப் பையன், 82. கடைசி ஆள் சிதம்பரத்து அக்கா, 67. ரெண்டு பேருக்கும் நூறு நூறு பதில்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ஜனவரி கூட்டத்துல, எல்லாரும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர் போன்ல நான் ஒண்ணு சொன்னேன். "அக்கா, உங்க மார்க்தான் மொத்தக் குழுவையும் கீழ இழுக்குது." அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், "சரி தம்பி"ன்னாங்க. அவ்ளோதான். மார்ச் கடைசியில காதுல விழுந்தது, அவங்க தெற்கு வீதியில ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை கேட்டிருக்காங்கன்னு.

ஏதோ இடிக்கவே புகாரை ரெண்டா பிரிச்சேன். ஒரு பக்கம் சின்னப் புகார். பாஸ்வேர்டு மறந்தது, பில்லு, டப்பாவை அணைச்சுப் போட்டா சரியாகிறது. இன்னொரு பக்கம் கேபிள் அறுந்தது. இது போன்லயே தீராது. ஃபைபரை ஒட்டற மெஷினைத் தூக்கிக்கிட்டு ஆள் போகணும், அரை நாளோ ஒரு நாளோ ஆகும்.

பையனுக்குச் சின்னப் புகார்ல 80 பதில், அதுல 72 பேர் திருப்தி. அதாவது நூத்துக்கு 90. கேபிள் புகார்ல 20 பதில், 10 பேர் திருப்தி. நூத்துக்கு 50.

அக்காவுக்குச் சின்னப் புகார்ல 20 பதில், 19 பேர் திருப்தி. நூத்துக்கு 95. கேபிள் புகார்ல 80 பதில், 48 பேர் திருப்தி. நூத்துக்கு 60.

திரும்ப ஒரு தடவை பாருங்க. சின்னதுலயும் அக்காதான் மேல. பெருசுலயும் அக்காதான் மேல. ஆனா கூட்டிப் பார்த்தா பையன் 82, அக்கா 67! நாலு தடவை கால்குலேட்டர்ல போட்டேன். கணக்கு சரிதான், எல்லாம் நான் கூட்டின லட்சணம். யாருக்குக் கஷ்டமான புகார் அதிகமா விழுதோ அவங்க மொத்த மார்க் இறங்கும். இதுக்கு சிம்ப்ஸன் முரண்னு பேரே இருக்கு. அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல 1973-ல மேல்படிப்புக்கு விண்ணப்பிச்ச ஆண்கள்ல 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சுது, பெண்கள்ல 35 சதவீதம் பேருக்குத்தான். பாரபட்சம்னு பேச்சு கிளம்ப, துறை துறையா பிரிச்சுப் பார்த்தாங்க. பெண்கள் நிறைய பேர் இடம் கிடைக்கிறதே கஷ்டமான துறைகளுக்கு விண்ணப்பிச்சிருந்தாங்க, ஒவ்வொரு துறையா பார்க்கும்போது அந்த வித்தியாசம் கரைஞ்சு போச்சு.

அக்காவுக்கு மட்டும் ஏன் கஷ்டமான புகாரா விழுது? "அக்கா, ஒரு சார் கத்துறாரு, நீங்க பேசுங்களேன்"னு கடலூர்ப் பசங்க லைனை மாத்தி விட்டுடுவாங்க. புகாரை யார் கடைசியா மூடறாங்களோ அவங்க பேர்லதான் மார்க் விழும். ஊர்த் திட்டெல்லாம் அவங்க கணக்குல. அதை வெச்சு நான் வேற ஒரு குத்து குத்தியிருக்கேன்.

மறுநாள் காலையிலயே சிதம்பரம் பஸ். புதுச்சத்திரம் தாண்டற வரைக்கும் என்ன சொல்லி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. மாடி ரூமுக்குப் போயி அந்த ரெண்டு வரிக் கணக்கை ஒரு தாள்ல எழுதி அவங்க முன்னால வெச்சேன். "ஜனவரியில நான் சொன்னது தப்புக்கா. கணக்கும் தப்பு, எல்லார் முன்னாடியும் சொன்னதும் தப்பு"ன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது தம்பி. கத்துறவங்க எல்லாம் எங்கிட்டதான் வர்றாங்கன்னு மட்டும் தெரியும்"னாங்க.

அப்புறம்தான் அவங்க டேபிள்ல இருந்த நோட்டைப் பார்த்தேன். 9 புள்ளி எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுல இருந்தது.

நாங்க முன்ன கேப்போம், "எல்.ஓ.எஸ். லைட் எரியுதா சார்?" யாருக்குப் புரியும்? அக்கா கேக்கிறது, "டப்பாவுல சிவப்பா ஏதாவது மினுக்குதா பாருங்க. இல்ல, ஒரு விளக்குமே எரியலையா?" சிவப்பு மினுக்கினா கேபிள் வழியா வெளிச்சம் வரலைன்னு அர்த்தம், ஆள் போகணும். ஒண்ணுமே எரியலைன்னா கரண்டோ அடாப்டரோ போயிருக்கு, ஒட்டற மெஷினோட ஆளை அனுப்பறது தண்டம். விளக்கு சரியா இருந்தும் நெட் விட்டு விட்டு வந்தா, எங்க திரையில சிக்னல் அளவைப் பார்க்கணும். மைனஸ் 20-ன்னா நல்லா இருக்கு, மைனஸ் 27-ஐத் தாண்டிட்டா எங்கயோ கேபிள் மடங்கியோ ஒட்டு சரியில்லாமயோ இருக்கு. இந்த மூணு கேள்வியை அழகான கையெழுத்துல எழுதி, போட்டோ எடுத்துக் கடலூர்ப் பசங்களுக்கும் அனுப்பியிருக்காங்க. வீணா போற ட்ரிப் குறைஞ்சுது, நிஜமா அறுந்த வீட்டுக்கு லைன்மேன் சீக்கிரம் போனார்.

இன்னொண்ணு, "24 மணி நேரத்துல சரியாகும்"ங்கிற கிளிப்பேச்சை விட்டுட்டாங்க. "பரங்கிப்பேட்டை ரோட்ல ஜே.சி.பி. கேபிளை அறுத்துடுச்சு சார். ஆள் அங்க ஒட்டிக்கிட்டு இருக்கார். நாலு மணிக்கு நானே கூப்பிடறேன்"பாங்க. நாலு மணிக்குக் கூப்பிடுவாங்க. சரியாகலைன்னாலும் கூப்பிட்டு, சரியாகலைன்னு சொல்லுவாங்க. நோட்டுல ஒவ்வொரு புகாருக்கும் பக்கத்துல ஒரு நேரம், அதுக்கு மேல ஒரு டிக். பிப்ரவரியிலேர்ந்து பையனும் இதையே செய்ய ஆரம்பிச்சிருக்கான். கேட்டா, "அக்காதான் அண்ணே சொன்னாங்க"ங்கிறான்.

பாராட்டுக் கூட்டம் சிதம்பரத்துலயே நடந்துச்சு, இட்லியும் கொத்சுவுமா. ஷீல்டுக்குப் பதிலா ஆளுக்கொரு தாள் எழுதினேன். 'சூப்பர், கலக்கிட்டீங்க'ன்னு எழுதாம, எந்தத் தேதி, எந்தத் தெரு, என்ன செஞ்சாங்கன்னு. எஸ்.எம்.எஸ். மார்க்கே இல்லாத ரெண்டு லைன்மேன் அண்ணன்களுக்கும் உண்டு. இனிமே மார்க் லிஸ்ட் சின்னது, பெருசுன்னு ரெண்டு பத்தியா வரும். லைனை மாத்தி விட்டா ரெண்டு பேர் பேரும் பதிவாகும். போனஸை மட்டும் மார்க்கோட கட்டாதீங்கன்னு பெரிய டேமேஜர் கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டேன். கட்டினா மறுநாளே "அஞ்சு போடுங்க சார்" ஆரம்பிச்சுடும்.

அவர் ஷீல்டுக்கு முன்பணம் குடுத்துட்டார், விடுவாரா? பையன் பேருக்குப் பதிலா குழுவோட பேரைப் போட்டு வாங்கிட்டார். அது இப்ப சிதம்பரம் மாடி ரூம்ல, ஃபேன் காத்துல நோட்டுப் பக்கம் பறக்காம இருக்க வெயிட்டா உக்காந்திருக்கு.

அக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போகலை. "அடுத்த மழைக்கு இருப்பேன் தம்பி, அப்புறம் பார்க்கலாம்"னாங்க. மழைக்குத்தான் எனக்கும் அவங்க வேணும்.

பி.கு: உங்க ஆபீஸ் லிஸ்ட்லயும் கடைசிப் பேர் ஒண்ணு இருக்குமே? அவங்களுக்கு என்ன மாதிரி வேலை விழுதுன்னு ஒருக்கா பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.