கீயா, கீழா?

அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருடங்கள் ஆகின்றன. போனில் ஓர் எழுத்தைத் தொடப் போனால் பக்கத்து எழுத்துகளும் சேர்ந்து விழும். அதனால்தான் அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தேன். மைக் படத்தை ஒரு தட்டுத் தட்டி, மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்ப் பேசினால் போதும். பேச்சு எழுத்தாகி எனக்கு மெசேஜாக வந்துவிடும். முதல் வாரம் அவர் அனுப்பியதெல்லாம் ஒரு வரி, இரண்டு வரிதான். ஆனால் யாரையும் கூப்பிடாமல் அவராகவே அனுப்பியவை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் அத்தையைப் பார்க்கத் திருச்சிக்குக் கிளம்பினார். நான் வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்குத்தான் வந்தேன். பெரம்பூரில் எங்கள் வீடு முதல் மாடி. படி ஏறியதும் ஒரு கிரில் கேட். அது பூட்டியிருந்தது. போனில் அப்பாவின் மெசேஜ் இருந்தது.

"கேட்ட லாக் பண்ணிட்டேன் கீழ பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன்."

கீழே இறங்கினேன். கீழ் வீட்டுப் பாட்டியை எழுப்பினேன். அவரிடம் யாரும் எதுவும் தரவில்லை. பக்கத்துக் கட்டிடத்தின் கீழ் வீட்டிலும் கேட்டேன், அங்கேயும் இல்லை. அப்பாவின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்த பிறகு, அதே மாடியில் எதிர் போர்ஷன்காரர் குப்பை போட வெளியே வந்தவர், "உங்கப்பா சாவி குடுத்துட்டுப் போனாரும்மா" என்றார்.

அப்பா சொன்னது "கீய பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன்". கடிகாரம் எழுதியது "கீழ". அந்த ஒரு சொல் எங்கே மாறியது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் விட முடியவில்லை. அடுத்த தடவை அது சாவியாக இல்லாமல் மாத்திரையாக இருக்கலாம்.

முதலில் நான் சந்தேகப்பட்டது மைக்கைத்தான். கடிகாரத்து மைக் ஊசித் துளை அளவுதான். தெருவில் பேசினால் ஆட்டோ சத்தமும் சேர்ந்து போகும். தவிர, புளூடூத் வழியாகப் போகும் பேச்சு சில நேரம் பழைய தொலைபேசித் தரத்துக்கு, அதாவது நொடிக்கு 8,000 மாதிரிகளுக்கு, இறங்கிவிடும். பேச்சறி பொறிகள் பொதுவாக எதிர்பார்ப்பது 16,000. பாதியாகும்போது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி அறுந்து போகிறது. 'ஸ்', 'ஃப்' போன்ற காற்றொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 'ஃபேன்' என்றது 'பேன்' என்று வந்தால் மைக்கைக் குற்றம் சொல்ல நியாயம் உண்டு. 'கீய' என்பதில் அப்படிப்பட்ட ஒலி எதுவும் இல்லை. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, கதவைச் சாத்திய அறையில், அப்பாவை என் போனிலேயே நேராகப் பேசச் சொன்னேன். அதிலும் 'கீழ' என்றே வந்தது. மைக் தப்பித்தது. போனுக்கும் கடிகாரத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். போனில் தப்பான சொல்லை விரலால் தொட்டுத் திருத்த இடம் இருக்கிறது. கடிகாரத்தின் ஒன்றரை அங்குல வட்டத்தில், கண்ணாடி போடாத அப்பாவுக்கு, முழு வாக்கியத்தைப் படிப்பதே சிரமம்.

அடுத்து மொழி அமைப்பை மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் வைத்தால் 'லாக்', 'கீ' இரண்டும் பிழைத்தன, மீதி வாக்கியம் பொருளற்ற ஆங்கிலச் சொற்களாகச் சிதறிப் போனது. அந்தக் கடிகாரம் ஒரு நேரத்தில் ஒரு மொழிக் காதோடுதான் கேட்கிறது. தமிழ்க் காதுக்கு 'லாக் பண்ணிட்டேன்' நன்றாகவே தெரிகிறது. 'பண்ணு' என்ற வினைக்கு முன்னால் ஆங்கிலச் சொல் வரும் என்று அது பழகியிருக்கிறது. ஆக, ஆங்கிலமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 'கீ' மட்டும் ஏன் தடுக்கியது?

அப்பாவைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, பதிவு செய்து கேட்டேன். நாலாவது தடவையில்தான் எனக்கே உறைத்தது. அப்பா வடசென்னைக்காரர். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பவர். அவர் வாயில் 'கீழ' என்பதும் 'கீய' என்றுதான் வரும். "கீழ இருக்கற செருப்ப எடு" என்று சொல்லச் சொன்னேன். இரண்டு 'கீய'வையும் அடுத்தடுத்து ஓட விட்டுக் கேட்டேன். பெற்ற மகள் எனக்கே வேறுபாடு கேட்கவில்லை. ஒலியில் இல்லாத வேறுபாட்டைப் பொறி எப்படிப் பிடிக்கும்?

இங்கே பொறி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சை 25 மில்லி நொடித் துண்டுகளாக, 10 மில்லி நொடிக்கு ஒரு தரம் நகர்த்தி வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று அளக்கிறது. அதை வைத்து இது இந்த எழுத்தாக இருக்கலாம், அந்த எழுத்தாக இருக்கலாம் என்று பல வழிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நகர்கிறது. ஒலி ஒன்றுபோல் இருக்கும் இடத்தில், இதற்கு முன் பார்த்த எழுத்துத் தமிழில் எது அதிகம் வந்தது, பக்கத்தில் எந்தச் சொல்லோடு வந்தது என்ற பழக்கம் முடிவு செய்கிறது. 'கீழ' பேச்சிலும் கதைகளிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கும் சொல். அதற்குப் பின்னால் 'பக்கத்து வீட்ல' வேறு வந்துவிட்டது. கீழ, பக்கத்து, வீடு என மூன்றும் இடம் குறிப்பவை, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்பவை. 'கீய' தனியாக நின்றது.

அப்படியென்றால் 'கீய' எழுத்தில் ஏன் இல்லை? எல்லா வீட்டிலும் தினமும் சொல்கிறோமே. இந்தக் கேள்விதான் என்னை ஒரு பழைய தோழியிடம் கொண்டுபோனது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை அவள் இரண்டு வருடம் வீட்டிலிருந்து செய்தவள். பொறிகள் பழகுவது இப்படிப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான். நான் அப்பாவின் பதிவைப் போட்டுக் காட்டி, "இத நீ எப்படி எழுதுவ?" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "எந்தக் கம்பெனிக்குன்னு சொல்லு" என்றாள்.

ஓரிடத்தில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதச் சொல்வார்களாம். இன்னோரிடத்தில் எல்லாம் தமிழ் எழுத்தில். ஓரிடத்தில் கேட்டபடியே, இன்னோரிடத்தில் இலக்கணப்படி. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: `key-ஐ`, `key யை`, `keyய`, கீயை, கீய. ஒரே ஒலிக்கு ஐந்து எழுத்து. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பொறியின் கணக்கில் இவை ஐந்து வெவ்வேறு சொற்கள். ஒரு சொல்லுக்கு விழ வேண்டிய வாக்குகள் ஐந்தாகப் பிரிந்து போக, எதிரே 'கீழ' ஒற்றை எழுத்துக்கூட்டலில் நின்று ஜெயித்துவிடுகிறது.

இதில் தமிழின் கையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கீ' எந்த வேற்றுமையிலும் உருமாறாது. அப்பா அதோடு இரண்டாம் வேற்றுமையைச் சேர்த்தார். ஈகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் நடுவில் யகர உடம்படுமெய் தோன்ற வேண்டும், தோன்றியது. 'ஐ' பேச்சில் 'அ' ஆகும், ஆனது. கீ, ய், அ மூன்றும் சேர்ந்து கீய. நாலு வகுப்பு படித்த அப்பா ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிசகில்லாமல் தமிழாக்கிவிட்டார். மொழிக் கலப்பு என்றதும் நாம் வாக்கியத்துக்குள் சொற்கள் மாறி மாறி வருவதைத்தான் நினைக்கிறோம். கலப்பு இங்கே ஒரே சொல்லுக்குள், பகுதிக்கும் உருபுக்கும் நடுவில் நடக்கிறது. எந்த இடத்தில் ஆங்கிலம் முடிந்து தமிழ் தொடங்குகிறது என்று வெட்டிக் காட்ட அந்த 'ய்' இடம் கொடுக்கவில்லை.

ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். கூகுள் ஆய்வாளர்கள் சிலர் 2018-இல், ஒரே சொல் இரண்டு லிபிகளில் எழுதப்பட்டால் அதைப் பிழையாக எண்ணக் கூடாது என்று, எல்லாவற்றையும் ஒரே லிபிக்கு மாற்றிய பிறகு ஒப்பிடும் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஆனால் பழக்குவதற்குக் கலப்புப் பேச்சு வேண்டுமே. 2021-இல் இந்திய மொழிகளுக்காக இன்டர்ஸ்பீச் மாநாட்டை ஒட்டி நடந்த பேச்சறிதல் போட்டியில் ஆறு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது. கலப்புப் பேச்சுக்கான தனிப் பிரிவில் இந்தி–ஆங்கிலமும் வங்காளம்–ஆங்கிலமும்தான் இருந்தன. சென்னை ஐஐடியின் ஏஐ ஃபோர் பாரத் குழு தொகுத்த ஸ்ருதிலிபி என்ற பெரிய தொகுப்பு ஆகாசவாணிச் செய்திகளிலிருந்து எடுக்கப்பட்டது. அருமையான வேலை. ஆனால் செய்தி வாசிப்பவர் 'கீய குடுத்தேன்' என்று சொல்லப் போவதில்லை.

அந்த மெசேஜின் முதல் சொல்லை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. 'கேட்ட' என்று இருந்ததே, அது சரியா தப்பா? அப்பா சொன்னது வாசல் கேட்டை. பொறி 'என்னிடம் கேட்ட' என்பதில் வரும் சொல்லை எழுதியதா, வாசல் கேட்டை எழுதியதா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. நம் ககரம் ஒலிப்புள்ளதையும் இல்லாததையும் ஒரே எழுத்தால் குறிக்கிறது. அப்பா வாயில் தெளிவாக இரண்டாக இருந்தது எழுத்தில் ஒன்றாகிவிட்டது. இதைத் திருத்த எந்தக் கடிகாரத்தாலும் முடியாது. படிக்கிறவர்தான் வாக்கியத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கி, "இனிமே சாவின்னே சொல்லுங்கப்பா" என்றேன். 'சாவிய பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன்' என்று பத்து முறை சொல்ல வைத்தேன். பத்தும் சரியாக வந்தன.

"சாவின்னா பீரோ சாவிம்மா" என்றார் அப்பா. "கேட்டுக்குக் கீதான்."

அவர் சொன்னபடியே கடிகாரத்தில் பேச வைத்தேன். 'பீரோ சாவிய எடுத்து வை.' ஓர் எழுத்துப் பிசகவில்லை. அப்போதுதான் அந்தச் சொற்களைக் கவனித்துப் பார்த்தேன். சாவி போர்த்துகீசியர்களின் 'சாவே'யிலிருந்து வந்தது. பீரோ பிரெஞ்சு. இரண்டுமே வெளியிலிருந்து வந்த சொற்கள், கடிகாரம் தயங்கவில்லை. அந்நியச் சொல் என்பதற்காகப் பொறி தடுமாறவில்லை. சாவிக்கு எழுத்துக்கூட்டல் ஒன்று. 'சாவியை' என்று எழுதுவதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், பொறி அதைப் படித்திருக்கிறது. 'கீ'யை நாம் ஒரே மாதிரி எழுத இன்னும் முடிவு செய்யவில்லை.

அதனால் அப்பாவுக்காக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். உருபு சேர்க்காமல் சொல்வது. 'கேட்டு கீ' என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, 'பக்கத்து வீட்ல இருக்கு' என்று முடிக்கிறார். பெரும்பாலும் சரியாக வருகிறது. அவசரத்தில் நிறுத்த மறந்தால் 'கீழ் பக்கத்து வீட்ல' என்று வந்து நிற்கிறது. நான் 'கீழ்' என்று பார்த்ததும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.