சீசியம் வகுப்புக்கு வருகிறது: பெற்றோருக்கு ஒரு விளக்கம்



உயர்தர பௌதிகவியல் வகுப்புப் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கு,

அடுத்த வாரம் கதிர்த்தொழிற்பாட்டுப் பாடத்துக்காக ஒரு சிறிய கதிர்முதலை வகுப்பில் காட்டப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருந்தோம். அன்றிரவே ஒரு உம்மா அழைத்தார். "சேர், சீசியம் என்று தேடிப் பார்த்தேன், பிரேசிலில் ஆட்கள் மௌத்தாகியிருக்கிறார்களே. மகளை அன்றைக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லோருக்குமாக இங்கே பதில் எழுதுகிறோம்.

அவர் படித்தது உண்மைச் சம்பவம். 1987இல் கோயானியா நகரில், கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரம் ஒன்றைப் பழைய இரும்புக்காகக் கழற்றி, உள்ளே இருந்த சீசியம்-137 உறையை உடைத்துவிட்டார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை வீட்டுக்கு வீடு பகிர்ந்தார்கள். அது கையில் ஒட்டியது, சாப்பாட்டோடு உள்ளே போனது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள்.

எங்களிடம் இருப்பதும் சீசியம்-137தான். ஆனால் அது பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்து ஒட்டப்பட்டது, அளவு 9,250 பெக்கரல். கோயானியாவில் இருந்தது இதைப்போல் ஏறத்தாழ 550 கோடி மடங்கு. வளர்ந்த ஒருவரின் உடம்பிலேயே, உணவால் வரும் பொட்டாசியத்தினால், சுமார் 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது.

பலரும் பயப்படுவது, பிள்ளை கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுமோ என்றுதான். விளக்கு வெளிச்சத்தில் நின்றவர் வெளியே போகும்போது வெளிச்சம் கூடவே போவதில்லை. இந்தக் கதிரும் அப்படித்தான், பட்டாலும் பிள்ளை கதிர் வீசும் பொருளாக மாறாது. தூள் ஒட்டினால் மட்டுமே அது கூடவே வரும். அதனால் வில்லை உடையாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அதைப் பிள்ளைகளின் கண்முன்னேயே சோதிப்போம். முதலில் எதுவும் வைக்காமல் கைகர் எண்ணியை ஒரு நிமிடம் ஓட விடுவோம். ஒத்திகையில் 22, 19, 25 என்று வந்தது. மண், சுவர், வானம் எல்லாவற்றிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர் இது. பிறகு வில்லையை ஈரக் கடதாசியால் துடைத்து, அந்தக் கடதாசியை எண்ணிக்கு முன் வைப்போம். எண்ணிக்கை அதே அளவில் நின்றால் எதுவும் கசியவில்லை. தெளிவாகக் கூடினால் பாடம் அங்கேயே நிற்கும், வில்லை பெட்டிக்குள் போய்விடும்.

அதன்பின்தான் வில்லையை 5 சென்ரிமீற்றரில் வைப்போம். ஒத்திகையில் 640 வந்தது. இடையில் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வைத்ததும் 35ஆக இறங்கியது. பீற்றாக் கதிர் தகட்டில் நின்றுவிட, காமாக் கதிர் கொஞ்சம் தாண்டி வருகிறது. பாடம் இதுதான். பிள்ளைகள் இருக்கும் ஒரு மீற்றர் தூரத்தில், வில்லையால் கூடுவது இயற்கைக் கதிரின் நூறில் ஒரு பங்கு அளவே.

ஆனாலும் அது விளையாட்டுப் பொருள் அல்ல. சாவணத்தால் ஆசிரியர் மட்டுமே தொடுவார். மேசையில் சாப்பாடு, தண்ணீர் இருக்காது. முடிந்ததும் எண்ணிப் பார்த்துப் பூட்டி வைப்போம்.

அந்த உம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறோம். விரும்பும் பெற்றோர் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். மகளை அனுப்புவதா என்பதை அந்தக் கடதாசிச் சோதனையைப் பார்த்தபின் அவரே முடிவு செய்யட்டும்.