ஏரிக்கரை நிலம்: விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

தந்தையார் வஃபாத்தானபோது பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, பொன்னேரி வட்டத்தில், அவர் பெயரில் மூன்று ஏக்கர் இருபது சென்ட் நன்செய் இருந்தது. சென்னையில் வாழும் எங்களில் எவருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. வங்கி வட்டியில் சிக்காமல் வீட்டுப் பாக்கியைக் கட்டிவிட வேண்டும், ஆகவே விற்றுவிடலாம் என்றார் இளைய சகோதரி. அத்தா உழுத மண் கைவிட்டுப் போகக்கூடாது என்றார் தாயார்.

வாதாடுவதற்கு முன் பங்கைக் கணக்கிடுங்கள் என்று எங்கள் மஹல்லா ஹழ்ரத் சொன்னார். கடனும் வஸிய்யத்தும் இல்லாததால் கணக்கு எளிது. 320 சென்ட்டில் தாயாருக்கு எட்டில் ஒன்று, அதாவது 40 சென்ட். மீதி 280-இல் எனக்கு 140, சகோதரிகள் இருவருக்கும் தலா 70. விளைநிலத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்று சொல்வோர் இன்றும் உண்டு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கி வைத்தது உண்மைதான். 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே விற்பதா வேண்டாமா என்பது குடும்பத் தலைவர் ஒருவர் எடுக்கும் முடிவன்று. நான்கு பேருடைய நிலம் ஒரே வரப்புக்குள் கிடக்கிறது, அவ்வளவே.

எங்களிடம் மூன்று விலைகள் வந்தன. விற்றால் ஏக்கருக்குப் பதினைந்து லட்சம். நெல் பயிரிடக் குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். இறால் குட்டை வெட்ட விட்டால் 40,000.

மூன்றாவதுதான் நகரத்துக் குடும்பத்தின் கண்ணை மறைக்கும். இறால் குட்டையில் உப்பு நீரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பார்கள். அது கீழே கசிந்து பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். அருகில் குட்டை வந்துவிட்ட வயலின் வரப்பில் கோடையில் வெள்ளைப் பொருக்குப் படியும், நாற்றின் நுனி கருகும். குத்தகை முடிந்து குட்டையை மூடினாலும், நன்னீர் விட்டு உப்பைக் கழுவி வடிக்காமல் அங்கே நெல் வராது. கழிவு நீரோ ஏரிக்குப் போகும். பாடு முறை வைத்து அங்கே வலை விடுகிறவர்களின் பிழைப்பில் கலக்கும். பிறருக்குத் தீங்கிழைத்து வரும் வாடகை நமக்கு எதற்கு?

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 11.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில்கா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் குட்டை அமைக்கக்கூடாது, விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்றது. பின்னர் வந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவும் வேண்டும். எங்களிடம் வந்தவரிடம் பதிவு எண்ணைக் கேட்டோம். அதன்பின் அவர் வரவில்லை.

எஞ்சியவை இரண்டு. 48 லட்ச ரூபாய் பெறுமானமுள்ள நிலம் ஆண்டுக்கு 32,000 ரூபாய் தருகிறது. நூறு ரூபாய்க்கு எழுபது காசு கூட இல்லை. நிலையான வருமானத்துக்காகவே குத்தகைக்கு விட நினைப்பவர் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கட்டும். நிலத்தை வைத்திருக்க வேறு காரணம் இருந்தால்தான் குத்தகை பொருள்படும். தாயாருக்கு இருந்தது, எனக்கும் ஓரளவு இருந்தது. சகோதரிக்கு இல்லை, இருக்க வேண்டிய கட்டாயமுமில்லை. நிலத்தை விற்றவர் அந்தப் பணத்தை அதுபோன்ற சொத்திலேயே போடாவிட்டால் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அவருடைய பணம் வீட்டுக்குத்தான் போகிறது.

கூட்டுப் பங்காளிக்கே வாங்கும் உரிமையில் முதலிடம் என்பது ஷுஃப்ஆவின் விதி. வெளியார் சொன்ன அதே விலையில், குறைத்துப் பேசாமல், அவருடைய 70 சென்ட்டைப் பத்தரை லட்சத்துக்கு நான் கிரயம் பதிந்து வாங்கினேன். உடன்பிறந்தவள்தானே என்று விலையைக் குறைப்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அது அவளுடைய ஹக்கில் கைவைப்பதாகும்.

குத்தகைக்கு முன்வந்த உழவர் முதலில் சொன்ன ஏற்பாடு வேறு. பள்ளத்துப் பகுதியில் விளைவது உங்களுக்கு, மேட்டில் விளைவது எனக்கு என்றார். நீர் ஓடும் பகுதியின் விளைச்சலைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் இதே முறையை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததை ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அறிவிக்கிறார். ஒரு பகுதி அழிந்து மற்றது தப்பினால் ஒருவர் வெறுங்கையோடு நிற்பார். பணத்துக்கு விடுவதில் தவறில்லை என்பதும் அவர் சொன்னதே. எனவே ரொக்கமாக முடிவு செய்து, புல எண்ணும் பரப்பும் தொகையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

ஒன்றை மட்டும் தெரிந்தே செய்தோம். தம் உடலுழைப்பால் பயிரிடும் குத்தகைதாரரைத் தவணை முடிந்தது என்பதற்காக மட்டும் வெளியேற்ற 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. வாய்மொழிக் குத்தகைக்கும் அது பொருந்தும். சில ஆண்டு குத்தகைக்கு விட்டுப் பிறகு விற்கலாம் என்று எண்ணுபவருக்கு வாங்க வருபவர் சொல்லும் விலை வேறாக இருக்கும். உழுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் விரைவில் விற்கும் எண்ணமுள்ளவர் இப்போதே விற்பது நல்லது.

முதல் தொகை தை அறுவடைக்குப் பின் வரும், இன்ஷா அல்லாஹ். அதில் தாயாருடையது 4,000 ரூபாய்.