திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்டேன்

சுங்கை பட்டாணியில் பாட்காஸ்ட் நடத்தும் நண்பர்கள் இருவர், கையில் 2,000 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: "அக்கா, கேமரா வாங்கலாமா, மைக் வாங்கலாமா?" வானொலிக்காரியிடம் கேட்டால் மைக் என்றுதான் சொல்வாள். அதனால் வாயைத் திறக்காமல், பூஜாங் பள்ளத்தாக்கு பற்றிய அவர்களின் 40 நிமிட அத்தியாயத்தை இரண்டு விதமாக அனுபவித்துப் பார்த்தேன்.

முதல் நாள் கூலிமுக்குக் காரில் போகும்போது ஒலி மட்டும். மறுநாள் வீட்டில் அதே அத்தியாயம் காணொலியாக.

காரில் பத்தாவது நிமிடத்திலேயே களைத்துவிட்டேன். அறையின் எதிரொலிதான் காரணம். வெறும் சிமெண்டுச் சுவர், பளிங்குத் தரை, இருவருக்கும் நடுவில் ஒரே மைக். காணொலியில் அதே எதிரொலி அவ்வளவாக உறுத்தவில்லை. பேசுகிறவரின் உதடு கண்ணுக்குத் தெரியும்போது காதுக்கு வேலை குறைகிறது. விருந்தினர் யோசித்து நிறுத்திய இடமும் அப்படித்தான். திரையில் அது யோசனை; காரில் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைத்தொலைபேசியைப் பார்க்க வைத்தது.

ஆனால் ஓரிடத்தில் காணொலி வென்றது. மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியின் படத்தைக் காட்டி, "இங்கே பாருங்கள், இந்தக் கல்லில்தான் தூண் நின்றது" என்கிறார் விருந்தினர். காரில் இருந்த எனக்கு எந்தக் கல்லும் இல்லை. "மண்டபத்தில் வரிசையாகக் கல் பீடங்கள், அவற்றின் மேல் மரத்தூண்கள்" என்று தொகுப்பாளர் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் போதும். அதற்குக் காசு செலவில்லை.

எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கலாமே என்றார்கள். யூடியூப் பார்வையையும் ஒலியின் பதிவிறக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. பதிவிறக்கம் தானாகவே நடந்து, யாரும் கேட்காமலும் கிடக்கலாம். சராசரியாக எத்தனை நிமிடம் தங்கினார்கள் என்பதைத்தான் இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். யூடியூப்பின் தக்கவைப்பு வரைபடத்தில், கல்லைக் காட்டும் இடத்தில் கோடு மேலே எழுந்தால், அந்தப் படத்துக்காக ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்று பொருள்.

தரவுச் செலவையும் கணக்குப் போட்டோம். 64 கேபிபிஎஸ் ஒலியில் 40 நிமிடம் சுமார் 19 எம்பி. 1.5 எம்பிபிஎஸ் காணொலியில் அதே நேரம் 450 எம்பி. அலைவரிசை விட்டு விட்டுக் கிடைக்கும் தோட்டத்து வீட்டில் இது சின்ன வித்தியாசமா? பால்மரம் வெட்டுகிறவருக்கும் கோழிக்கறி சமைக்கிறவருக்கும் கை வேறு வேலையில் இருக்கிறது; காது மட்டுமே நமக்குக் கிடைக்கும்.

கடைசியில் ஆளுக்கொரு டைனமிக் மைக், சுவருக்குத் தடித்த திரைச்சீலை, படம் பிடிக்க இருக்கிற கைத்தொலைபேசியே போதும் என்று முடிவானது. மிச்சப் பணத்தில் ஒரு முக்காலி. கேமராவை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் முகம்தான் கொஞ்சம் வாடியது. திரையில் அவர் நன்றாகவே இருக்கிறார்.